‘கல்’ என்றால் நேற்றா, நாளையா?

“கல் மஷீன் பந்த். மைன் ஆயேகா தக் மத் டாலோ.”

தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர், தமிழ் தெரியாத சக தொழிலாளி ஒருவருக்கு எழுதிய இந்திக் கடிதம் இது. மொத்தம் எட்டுச் சொற்கள். எழுதியவர் நான் வேலை பார்க்கும் கோவைப் பக்கத்து நூற்பாலையின் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. படித்தவர், முப்பது வயதுக்காரர். படிக்க வேண்டியவர் பீகாரிலிருந்து வந்த இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். கோன் அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய ஒரு துண்டில், பால்பாயின்ட் பேனாவால் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டு, 14-ம் நம்பர் ரிங் ஃபிரேமின் சுவிட்ச் பெட்டியில் நூல் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டில் 1968-ல் இருமொழிக் கொள்கை வந்த பிறகு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இந்தியைப் படிக்க வேண்டிய கட்டாயம் இருந்ததில்லை. எங்கள் எலக்ட்ரீஷியனுக்கும் அது தேவைப்படவில்லை, ஆலைக்குள் வடக்கிலிருந்து ஆட்கள் வரும்வரை. இப்போது எங்கள் இரவு ஷிஃப்டில் பாதிப் பேருக்குமேல் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள். கை ஜாடையும் சிரிப்பும் பத்து இந்திச் சொற்களும் பகலில் போதுமானவையாக இருக்கின்றன. எதிரே ஆள் நிற்கும்போது விரலை நீட்டிக் காட்டலாம், தலையை ஆட்டலாம். ஆனால் ஒருவர் வீட்டுக்குப் போன பிறகு இன்னொருவர் படிப்பதற்காக எழுதி வைக்கும்போது ஜாடை உதவாது. அட்டையில் இருப்பது மட்டுமே மிச்சம்.

நான் ரயில்வே ஊழியரின் மகனாக நாகபுரியில் வளர்ந்தவன். அதனால் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலையோடு, யாரும் கொடுக்காத மொழிபெயர்ப்பாளர் உத்தியோகமும் எனக்கு உண்டு. இந்த எட்டுச் சொற்களைப் பற்றி எழுதக் காரணம், இவற்றில் எந்தப் பிழை ஆபத்தானது, எந்தப் பிழை ஒன்றும் செய்யாது என்பதை நம்மவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 4 மணி வாக்கில் 14-ம் நம்பர் மெஷினின் மோட்டாரில் கரகரவென்று ஒரு சத்தம். தொட்டால் ஒரு முனை மட்டும் கொதித்தது. பேரிங் போய்விட்டது. மாற்று பேரிங் ஸ்டோரில் இல்லை. மறுநாள் காலையில்தான் டவுனிலிருந்து வரும். அந்த நிலையில் மோட்டாரை ஓட்டினால் பேரிங் இறுகி, உள்ளே சுழலும் ரோட்டர் சுற்றியிருக்கும் ஸ்டேட்டரில் உரச ஆரம்பிக்கும். சுற்றுக் கம்பி கருகும். சில நூறு ரூபாய் வேலை பல்லாயிரம் ரூபாய் வேலையாகிவிடும். எலக்ட்ரீஷியன் மெஷினை நிறுத்தினார். ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அட்டையை எழுதித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் மனசுக்குள் இருந்த தமிழ் வாக்கியம் தெளிவானது: “நாளைக்கு மெஷின் ஆஃப். நான் வர்ற வரைக்கும் போடாதீங்க.”

இரவு 12 மணிக்கு ஷிஃப்ட் மாறியது. பன்னிரண்டரைக்கு ஆபரேட்டர் அட்டையோடு என் முன்னால் வந்து நின்றார். அவர் கேட்ட கேள்வி இது: “மெஷினில் மாட்டியிருக்கிற பாபின்களை ஓட்டி முடித்துவிடட்டுமா? புதிதாகத்தானே போடக் கூடாது?”

அவர் படித்தது அசட்டுத்தனமான படிப்பு அல்ல. அட்டையில் இருந்தது அதுதான். இந்தியில் ‘கல்’ என்ற ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். எது என்பதை வாக்கியக் கடைசியில் வரும் வினைச்சொல் சொல்லும். ‘கல் மஷீன் பந்த் தீ’ என்றால் நேற்று மெஷின் நின்றிருந்தது. ‘கல் மஷீன் பந்த் ரஹேகீ’ என்றால் நாளை நின்றிருக்கும். நம் எலக்ட்ரீஷியனின் வாக்கியத்தில் கடைசிச் சொல் இல்லை. ஏன் இல்லை? தமிழில் அது தேவையில்லை என்பதால். “நாளைக்கு லீவு”, “அவர் டாக்டர்”, “நேத்து கூட்டம்” என்றெல்லாம் வினைச்சொல்லே இல்லாமல் நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம். நேற்று, நாளை என்று தனித்தனிச் சொற்கள் இருப்பதால் நமக்கு நஷ்டமில்லை. அதே பழக்கத்தோடு இந்தியை எழுதினால், நேற்றையும் நாளையையும் பிரித்துக் காட்டும் ஒரே அடையாளம் காணாமல் போகிறது.

படித்த நேரமும் சேர்ந்து சதி செய்தது. வெள்ளி மாலை எழுதிய அட்டையை அவர் படித்தபோது சனிக்கிழமை பிறந்துவிட்டது. “நேற்று மெஷின் நின்றிருந்தது” என்பது அந்த நேரத்தில் முழு உண்மை. அவர் வரும்போது மெஷின் நின்றுதான் இருந்தது. விசாரித்தால் மாலையிலிருந்தே நிற்கிறது என்றார்கள். அட்டையும் அதையே சொல்வதாகத் தோன்றியது. நேற்று நின்றது, சரி, இன்று?

இன்றைக்கு என்ன செய்வது என்று சொல்ல வேண்டியது இரண்டாவது வாக்கியம். அங்கே ‘டாலோ’ என்ற சொல் நின்றது. தமிழில் நாம் சுவிட்சைப் போடுகிறோம், லைட்டைப் போடுகிறோம், ஃபேனைப் போடுகிறோம், மெஷினைப் போடுகிறோம். சாப்பாடும் போடுகிறோம், சட்டையும் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். ‘போடு’ என்பதற்கு இந்தியில் என்ன என்று ஹாஸ்டல் பையனைக் கேட்டால் அவன் ‘டாலோ’ என்றுதான் சொல்வான். அது ஒன்றுக்குள் இன்னொன்றைப் போடுவது: டீயில் சர்க்கரை போடுவது, பையில் சாமானைப் போடுவது. மெஷினை ஓடவிடுவதற்கு இந்தியில் ‘சலானா’ அல்லது ‘சாலூ கர்னா’. ரிங் ஃபிரேமின் முன்னால் நிற்கும் ஆபரேட்டரிடம் “போடாதே” என்றால், அவர் கையில் போடுவதற்கு இருக்கும் ஒரே பொருள் மேலே மாட்ட வேண்டிய ரோவிங் பாபின். ஆக அட்டையின் பொருள் அவருக்கு ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது. நேற்று மெஷின் நின்றிருந்தது, எலக்ட்ரீஷியன் வரும்வரை புது பாபின் போட வேண்டாம், மாட்டியிருப்பதை ஓட்டிக்கொள்ளலாம்.

புரியாத கடிதத்தால் பெரிய கெடுதல் கிடையாது. புரியவில்லையென்றால் யாரையாவது கேட்போம். தவறாக, ஆனால் முழுதாகப் புரிகிற கடிதம்தான் கெடுதல். இங்கே ‘மிச்சத்தை ஓட்டலாமா’ என்ற ஒரு சின்னச் சந்தேகம் அவரை என்னிடம் கொண்டுவந்தது. அது இல்லாவிட்டாலும் ஃபியூஸ் கேரியர்கள் சட்டைப் பையோடு வீட்டில் இருந்ததால் மெஷின் ஓடியிருக்காது. அன்றிரவு மெஷினுக்குள் யாருடைய கையும் இல்லை. அதிகபட்சம் ஒரு மோட்டார் போயிருக்கும். ஆனால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு உள்ளே கையை நுழைத்து வேலை செய்யும் நாளிலும் இதே மாதிரி அட்டைதான் தொங்குகிறது.

மறுநாள் பேரிங் மாட்டி முடித்ததும் எலக்ட்ரீஷியனும் நானும் கேன்டீனில் உட்கார்ந்து அந்த அட்டையை வைத்துக்கொண்டு பேசினோம். அவருடைய முதல் கவலை என்ன தெரியுமா? “மைன் ஆயேகான்னு எழுதினது தப்பாமே சார்? ஆவூங்கான்னு வரணுமாம். பசங்க சிரிக்கிறாங்க.” தப்புதான். ‘ஆயேகா’ என்பது ‘அவன் வருவான்’. ‘நான் வருவேன்’ என்றால் ஆண் சொல்லும்போது ‘ஆவூங்கா’, பெண் சொல்லும்போது ‘ஆவூங்கீ’. தமிழில் ‘வருவேன்’ என்பதற்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. நமக்கு ‘அவன், அவள்’ என்பதில்தான் ஆண் பெண் பேதம். இந்தியில் அந்த இடத்தில் இரண்டு பேருக்கும் ‘வஹ்’ என்ற ஒரே சொல்.

ஆனால் அந்தப் பிழையால் ஒரு பொருளும் மாறவில்லை. ‘மைன்’ என்று முன்னால் எழுதியிருப்பதால் வருபவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆபரேட்டரின் தாய்மொழி இந்தி அல்ல, மைதிலி. அவரும் இந்தியைப் பள்ளிக்கூடத்தில் கற்றவர். மைதிலியிலும் போஜ்புரியிலும் ஆண்பால் பெண்பால் கட்டுப்பாடு இந்தி அளவுக்கு இறுக்கமானதல்ல. பீகார்க்காரர்கள் பேசும் இந்தியில் மெஷின் பெண்ணா, பேரிங் ஆணா என்பதில் பிசகு வருவது சகஜம். டெல்லிக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பதும் சகஜம். ‘நான்’ என்பதற்கே அவர்கள் பலர் ‘ஹம்’ என்கிறார்கள். அது ‘நாங்கள்’ அல்ல. ஆக, இந்தி எழுதும் தமிழர் எந்தப் பிழைக்காக இரவெல்லாம் கூசுகிறாரோ, அதைப் படிப்பவர் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எழுதியவர் யோசிக்காமல் எழுதிய ‘கல்’லும் ‘டாலோ’வும்தான் மோட்டாரை எரிக்கக்கூடியவை.

இரண்டாவதாக எழுத்து. எலக்ட்ரீஷியன் தன் பாக்கெட் நோட்டில் இந்திச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். கேட்கும்போது எழுதுகிறார், தேவைப்படும்போது அதைப் பார்த்து ஆங்கில எழுத்துக்கு மாற்றுகிறார். இந்த இரண்டாவது மாற்றத்தில்தான் கசிவு. தமிழில் பல்லுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ‘ப’. காலுக்கும் கேட்டுக்கும் ஒரே ‘க’. தமிழ்ச் சொல்லாக இருந்தால் எது எப்படி ஒலிக்கும் என்பது நமக்குப் பழக்கத்தால் தெரியும். இந்திச் சொல்லுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ‘கானா’ என்று நோட்டில் எழுதியிருந்தால், மூச்சை அழுத்திச் சொன்னால் சாப்பாடு. கேட்டில் வரும் ‘க’வாகச் சொன்னால் பாட்டு. ஒரு மாதம் கழித்து நோட்டைத் திறப்பவருக்கு எதை எழுதினோம் என்பது நினைவிருக்காது. ‘பந்த்’ என்ற சொல் தப்பித்தது, தமிழ்நாட்டில் கடையடைப்புக்கே அதுதான் பெயர் என்பதால். எல்லாச் சொல்லுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

இதற்கு எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்த வைத்தியம் எனக்குப் பிடித்தது. நோட்டில் ஒவ்வொரு இந்திச் சொல்லுக்கும் மேலே, அதே ஒலியுள்ள பழக்கமான சொல்லின் பெயரைச் சின்னதாக எழுதிக்கொள்கிறார். ‘பந்த்’துக்கு மேலே ‘பஸ்’. ‘பாஞ்ச்’ என்ற ஐந்துக்கு மேலே ‘பல்’. ‘தின்’ என்ற நாளுக்கு மேலே ‘தினமும்’ என்று எழுதினால் போதுமா என்று கேட்டார். போதும், அது அந்த ஒலிதான். ‘தீன்’ என்ற மூன்றுக்கு மேலே ‘தீ’. எந்த மொழியியல் அறிஞரும் சொல்லித் தராத முறை இது, ஆனால் அவர் நோட்டுக்கு இதுவே அகராதி.

மூன்றாவது விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ‘மத்’ என்ற சொல். ‘கூடாது’ என்பதை இந்தியில் சுமப்பது அந்த ஒரு சின்னச் சொல்தான். ‘மத் சலானா’ என்றால் ஓட்டாதே. ‘சலானா’ என்றால் ஓட்டு. தமிழில் தடை வினைச்சொல்லின் உடம்போடு ஒட்டியிருக்கிறது. ‘ஓட்டாதீங்க’ என்பதில் ‘ஆதீங்க’ அழிந்தால் வெறும் ‘ஓட்’தான் மிஞ்சும், அது கட்டளையாகாது. இந்தியில் ‘மத்’ தனியாக நிற்கிறது. பஞ்சு பறக்கும் இடம், எண்ணெய்க் கை, மங்கலான வெளிச்சம். அந்த ஒரு சொல்லின் மேல் கிரீஸ் விரல் பட்டுவிட்டால், மிச்சம் இருப்பது இலக்கணப் பிழையில்லாத, தெளிவான ஒரு கட்டளை: மெஷினை ஓட்டு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆபரேட்டர் ஒருநாள் என்னிடம் சொன்னார், தமிழில் ‘போடுங்க’வும் ‘போடாதீங்க’வும் மெஷின் சத்தத்தில் தன் காதுக்கு ஒன்றாகவே விழுகின்றன என்று. முதலிலும் ‘போ’, முடிவிலும் ‘ங்க’. நடுவில் என்ன நடந்தது என்பது அவருக்குப் பிடிபடுவதில்லை. தடைச் சொல் முன்னாலேயே வந்து நின்று எச்சரிக்கும் என்று அவர் காத்திருக்கிறார். நாமோ அதை வினைச்சொல்லின் வயிற்றுக்குள் ஒளித்து வைக்கிறோம்.

அதனால் அட்டையில் ‘செய்யாதே’ என்று எழுதுவதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். ‘ஓட்டாதீர்கள்’ என்பதற்குப் பதில் ‘நிறுத்தியே வையுங்கள்’. இந்தியில் ‘பந்த் ரக்னா’. இதில் எந்தச் சொல் அழிந்தாலும் ‘ஓட்டு’ என்ற பொருள் வராது. ‘பந்த்’ மட்டும் மிஞ்சினால்கூடப் போதும்.

‘நான் வரும் வரை’ என்பதில் ஒரு பொறி இருக்கிறது. புத்தக இந்தியில் இதை ‘ஜப் தக் மைன் ந ஆவூன்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நான் வராத வரை’. அங்கே ஒரு ‘ந’, அதாவது ஓர் ‘இல்லை’, உள்ளே நுழைகிறது. தமிழ் மூளைக்கு இது ஒட்டாது. எழுதும்போது ‘ந’ விழுந்துவிடும், அல்லது வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைவிட நல்ல வழி இந்தியிலேயே இருக்கிறது: ‘மேரே ஆனே தக்’. அதாவது, ‘என் வருகை வரை’. தமிழின் அச்சிலேயே வார்த்த மாதிரி இருக்கும், இந்தியிலும் துளிப் பிழையில்லை. நமக்கு எட்டாத வாக்கியத்தை எட்டிப் பிடிக்க முயல்வதைவிட, நம் வாக்கியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தி வாக்கியத்தைத் தேடுவது லாபம்.

‘கல்’லை என்ன செய்வது? ‘ரஹேகீ’யைச் சேர்த்தால் இலக்கணம் சரியாகும். ஆனால் நள்ளிரவில் ஷிஃப்ட் மாறும் ஆலையில் ‘நாளை’ என்ற சொல்லே நம்பத்தக்கதல்ல. வெள்ளி மாலை எழுதிய நாளை சனிக்கிழமை. அதை இரவு பன்னிரண்டரைக்குப் படிப்பவரின் நாளை ஞாயிற்றுக்கிழமை. இது தமிழில் எழுதித் தமிழர் படித்தாலும் வரும் குழப்பம். ஆகவே கிழமை, மணி இரண்டையும் எழுத வேண்டும். சனிவார் என்றால் நமக்கும் சனி, அவருக்கும் சனி. மணி, மெஷின் நம்பர் எல்லாம் எண்களில். 14 என்பதை இரண்டு பேரும் ஒரே மாதிரி பார்க்கிறார்கள்.

கடைசியாக மரியாதை. எலக்ட்ரீஷியன் தமிழில் தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவருக்கு எழுதியிருந்தால் “அண்ணே” என்று ஆரம்பித்திருப்பார். ‘ங்க’ இல்லாமல் முடித்திருக்க மாட்டார். இந்தியில் எழுதும்போது ‘டாலோ’ என்று முடித்தார். அவர் மீது குற்றமில்லை. அவர் காதில் விழுந்த இந்தி முழுவதும் கான்ட்ராக்ட் மேஸ்திரி ஆட்களை விரட்டும் இந்தி: ஜல்தி கரோ, இதர் ஆவோ, உட்டாவோ. ‘ஓ’ என்று முடிவது சம வயதுக்காரரிடம், நெருங்கியவரிடம், வேலையாளிடம் பேசும் முறை. பெரியவரிடம் பேசும்போது ‘இயே’ என்று முடியும்: ‘ஆயியே’, ‘ரக்கியே’. இப்போதே அல்ல, பிறகு செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள்ளும்போது ‘ரக்கியேகா’. இந்த ‘இயேகா’ கிட்டத்தட்ட நம்முடைய ‘வச்சிருங்க’. நான் போன பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. சுவிட்ச் பெட்டியில் தொங்கும் அட்டைக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது.

அழைப்புச் சொல்லுக்கும் இடமுண்டு. ‘பையா’ என்றால் அண்ணன்தான். ஆனால் மும்பையில் அது வடக்கத்தி ஆட்களை ஏளனமாகக் குறிக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டது. இங்கேயும் எல்லாரையும் மொத்தமாக ஒரே கூடையில் போட அது பயன்படுகிறது. எலக்ட்ரீஷியன் கேட்டார், அப்படியானால் என்ன போடலாம் என்று. ‘பாய் சாஹப்’ போடலாம் என்றேன். அவருக்கு அது திருப்தியாக இருந்தது. “அண்ணே மாதிரிதானே சார்?” அண்ணே மாதிரிதான்.

ஆக, அந்த எட்டுச் சொற்கள் இப்படி ஆயின:

“பாய் சாஹப், 14 நம்பர் மஷீன் கா பேரிங் கராப் ஹை. மேரே ஆனே தக் மஷீன் பந்த் ரக்கியேகா. மைன் சனிவார் சுபஹ் 8 பஜே ஆவூங்கா.”

அண்ணே, 14-ம் நம்பர் மெஷின் பேரிங் கெட்டுப்போச்சு. நான் வர்ற வரைக்கும் மெஷினை நிறுத்தியே வச்சிருங்க. சனிக்கிழமை காலையில 8 மணிக்கு வருவேன். தமிழில் சொன்னாலும் வரிசை மாறவில்லை என்பதைப் பாருங்கள். முதல் வாக்கியம் காரணத்தைச் சொல்கிறது. ‘பந்த்’ என்று மட்டும் எழுதினால் மின்சாரம் போனதா, ஆர்டர் இல்லையா, மெஷின் கெட்டதா என்பது தெரியாது. பேரிங் கெட்டது என்று தெரிந்த ஆபரேட்டர் மெஷினைத் தொட மாட்டார். ‘கராப் ஹை’ என்பதில் இன்னொரு வசதி, ‘கராப்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறாத சொல். ‘ஹை’யும் அப்படியே. ஆண்பால் பெண்பால் பயமில்லாமல் எழுதலாம்.

இந்த வாக்கியங்களை நான் தேவநாகரியில் எழுதிக் கொடுத்தேன். மெஷின் நம்பர், கிழமை, மணி ஆகிய இடங்களைக் காலியாக விட்டு, லேமினேட் செய்த நாலைந்து அட்டைகள் இப்போது அவர் பெட்டியில் இருக்கின்றன. ஏழு கிழமைகளின் பெயரையும் பார்த்து எழுத ஒரு துண்டுச் சீட்டு. 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், மண்டையோடு போட்ட அபாயப் பலகையை இந்தி அல்லது ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் எழுதச் சொல்லின. அந்தப் பலகை அசையாமல் சுவரில் இருப்பது. இன்றைக்கு எந்த மெஷின், எதுவரை, ஏன் என்பதையெல்லாம் அது சொல்லாது. அதைத் தொழிலாளிதான் எழுத வேண்டும்.

அட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பூட்டுக்கு மாற்று அல்ல. ஃபியூஸ் கேரியர் இப்போதும் எலக்ட்ரீஷியனின் பையில்தான் போகிறது. புதிய மெஷின்களில் சுவிட்சின் கைப்பிடிக்குச் சின்னப் பூட்டு. படிக்கத் தெரியாதவர் வரலாம், அட்டை கழன்று விழலாம்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. சில நாட்களில் எலக்ட்ரீஷியன் அட்டையோடு ஆபரேட்டரின் செல்போனுக்கும் அதே செய்தியைப் படமெடுத்து அனுப்புகிறார். ஆரம்பத்தில் கீழே “சமஜ் கயே?” என்று கேட்டு எழுதுவார். புரிந்ததா என்று கேட்டால் உலகத்தில் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். புரியாதவர் முதலில் சொல்வார். ‘டீக் ஹை’ என்ற பதில், செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. அதனால் இப்போது ஆமாம், சரி என்று பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்கிறார்: “மஷீன் கப் சாலூ ஹோகீ?” மெஷின் எப்போது ஓடும்?

போன வாரம் 9-ம் நம்பர் மெஷினுக்கு அப்படிக் கேட்டிருந்தார். இரவு 12.20-க்கு வந்த பதிலை மறுநாள் என்னிடம் காட்டினார். “மங்கள்வார் 8 பஜே. ஆப் கே ஆனே கே பாத்.” செவ்வாய் 8 மணிக்கு, நீங்கள் வந்த பிறகு. அதன் கீழே இன்னொரு வரி, ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில்: “நான் போடாது அண்ணா.”

‘போடாது’ தப்பு, ‘போட மாட்டேன்’ என்று வர வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சிரித்தார். திருத்தி அனுப்பப் போகிறீர்களா என்று கேட்டேன். “எதுக்கு சார், புரியுதுல்ல” என்றார்.